1 டன் ஜிப் கிரேன் டை ராடு: பின் ஷியர், பேரிங், கண் டென்ஷன் மூணும் பாஸ். இது போதுமா?

பீம்பாலன் | 3 மார்ச், காலை 10:12

சுவத்துத் தூணில் மாட்டுற ஜிப் கிரேன். பூம் 3 மீட்டர், 1 டன் செயின் ஹாய்ஸ்ட். மேலிருந்து ஒரு டை ராடு பூமைத் தாங்குது, கோணம் 30 டிகிரி. ராடு முனையில் 50x16 பிளாட்டில் அரைவட்டக் கண், ஓட்டை 21. அது ஃபோர்க் க்ளெவிஸ் உள்ளே போகுது, காது ரெண்டும் 8 மிமீ பிளேட். பின் 20 மிமீ, எம்.எஸ். ரவுண்டு. எல்லாமே சாதா ஐ.எஸ். 2062 ஸ்டீல், ஈல்டு 250.

டென்ஷன்: 1 டன், ஹாய்ஸ்ட் 100 கிலோ, இம்பாக்ட் 25%. ஆக 13.75 கிலோநியூட்டன். 30 டிகிரிக்கு ரெண்டால பெருக்கி 27.5.

```
pin shear  = 27500/(2 x 314)       = 44
bearing    = 27500/(20 x 16)       = 86
eye net    = 27500/((50-21) x 16)  = 59   (N/mm²)
```

அனுமதி ஷியருக்கு 100, பேரிங்குக்கு 187, டென்ஷனுக்கு 150. பாதிகூட வரலை. பின்னை 16-ஆக் குறைச்சிடலாமான்னு முதலாளி கேக்கறார். ஏதாவது விட்டுப்போச்சா?

வயல்வண்டி | 3 மார்ச், 10:40

டை ராடு எண்டு தேய்ஞ்சா வீல் ஆடும் தம்பி. கிரீஸ் நிப்பிள் இருக்கான்னு பாருங்க. எந்த மாடல் டிராக்டர்?

பீம்பாலன் | 3 மார்ச், 10:44

அண்ணே, இது ஸ்டீயரிங் இல்லை. கிரேன்.

உத்தரம் | 3 மார்ச், 12:05

பின்னைத் தொடாதீங்க, முதல்ல லோடைப் பார்ப்போம். டை ராடு பூம்ல எங்க மாட்டியிருக்கு? பூம் நுனியிலயா, உள்ளே தள்ளியா? ஹாய்ஸ்ட் எது வரைக்கும் ஓடும்?

பீம்பாலன் | 3 மார்ச், 12:31

தூணிலிருந்து 2.4 மீட்டரில் மாட்டியிருக்கு. ஸ்டாப்பர் 3 மீட்டரில்.

உத்தரம் | 3 மார்ச், 12:50

அப்போ 27.5 தப்பு. லோடு டை மாட்டின இடத்துக்கு நேர் கீழே நின்னா மட்டும்தான் அந்தக் கணக்கு. ஹாய்ஸ்ட் நுனிக்குப் போனா பூம் ஒரு நெம்புகோல். 13.75-ஐ 3/2.4 ஆல் பெருக்கினா 17.2. பூம் எடை 60 கிலோன்னு வெச்சா அதுல இன்னும் 0.4 சேரும். மொத்தம் 17.6, sin 30 ஆல் வகுத்தா 35 கிலோநியூட்டன். உங்க எண்ணெல்லாம் கால்வாசிக்கு மேல ஏறும்: ஷியர் 56, பேரிங் 109, கண் டென்ஷன் 75.

இன்னும் பாஸ்தான். ஆனா இந்த மூணு செக்கும் பாஸாகறது சாதாரணம். கண் உடையறதும் பின் வளையறதும் வேற ரெண்டு இடத்தில், அதை இந்த மூணுல ஒண்ணுமே தொடலை.

கூடவே ராடுல மரை இருக்கான்னு சொல்லுங்க. டர்ன்பக்கிள் போட்டிருந்தா மரை அடியில்தான் ராடோட மெலிஞ்ச இடம். எம்24 மரைக்கு 353 சதுர மிமீ, அதுலயே 99 மெகாபாஸ்கல் வந்திடும். கண்ணைவிட அதுதான் முன்னாடி நிக்குது.

லேத்துக்காரர் | 3 மார்ச், 3:20

மரையைப் பத்தி சொன்னது சரி. கண்ணுல என்ன சிக்கல்? அரைவட்டக் கண், ஓட்டை நடுவில், சுத்தி எல்லா இடத்திலும் 14.5 மிமீ இருக்கு. பக்கவாட்டில் பாஸ்னா நுனியிலும் பாஸ்தானே. எல்லாரும் இப்படித்தான் அடிச்சுக் குடுக்கிறோம்.

உத்தரம் | 3 மார்ச், 5:45

அங்கதான் வித்தியாசம். பக்கத்தில் இருக்கிற 14.5 இழுவிசையைத் தாங்குது. நுனியில் இருக்கிற 14.5 வேற வேலை செய்யுது. பின் அந்த நுனியை வெளியே தள்ளுது. நுனித் துண்டு ரெண்டு பக்கமும் பிடிச்சிருக்கிற ஒரு குட்டி பீம் மாதிரி வளைஞ்சுக்கிட்டே, ஓட்டையோட ரெண்டு ஓரத்திலும் ஷியர் ஆகுது. வெறும் ஷியர்னு பார்த்தாலும் 2 x 14.5 x 16 = 464, அதாவது 75. டென்ஷன் மாதிரியே 75 தான், ஆனா டென்ஷனுக்கு அனுமதி 150, ஷியருக்கு 100. ஒரே அளவு ஸ்டீல், மிச்சம் மட்டும் பாதியிலிருந்து கால்வாசிக்கு இறங்கிடுச்சு. வளைவையும் சேர்த்தா அந்தக் கால்வாசியும் போயிடும்.

யூரோகோட் 3-ல் பின் கனெக்‌ஷனுக்கு இருக்கிற விதி இந்த வளைவையும் உள்ளே எடுத்துக்குது. லோடை 1.5 ஆல் பெருக்கி 52.5 வெச்சுக்கங்க:

```
F/(2 t fy) = 52500/(2 x 16 x 250) = 6.6
a (nuni)   >= 6.6 + 2 x 21/3 = 20.6 mm
c (pakkam) >= 6.6 + 21/3     = 13.6 mm
```

பக்கம் 14.5 இருக்கு, போதும். நுனிக்கு 21 வேணும், உங்ககிட்ட 14.5 தான் இருக்கு. அமெரிக்க விதியிலும் நுனி பக்கத்தைவிட மூணில் ஒரு பங்கு அதிகம் இருக்கணும்: 14.5 x 1.33 = 19.3. ரெண்டும் ஒரே பக்கம்தான் கை காட்டுது.

லேத்துக்காரர் | 3 மார்ச், 6:10

அப்படின்னா ஓட்டையை ராடு பக்கமா 7 மிமீ தள்ளிப் போட்டா முடிஞ்சுது. பிளாட் அதே 50.

உத்தரம் | 3 மார்ச், 6:22

ஆமா. ஓட்டை நடுவிலிருந்து நுனிக்கு 32 மிமீ. அரைவட்டத்தோட மையமும் ஓட்டை மையமும் ஒண்ணா இருக்கணும்னு யாரும் சொல்லலை. பார்க்க அழகா இருக்கும்னுதான் பட்டறையில் அப்படிப் போடறாங்க.

ஃபோர்க் காதையும் மறந்திடாதீங்க. ரெண்டு காது சேர்த்து 16, அதனால அதே 21 மிமீ அங்கேயும் வேணும். கண்ணைச் சரி பண்ணிட்டு காதுல 14-லேயே விட்டுட்டா பின் காதைக் கிழிச்சுக்கிட்டு வரும்.

பீம்பாலன் | 4 மார்ச், 9:15

சரி, நுனிக்கு 32 வெச்சுக்கறேன், ரெண்டு பக்கமும். மரை எம்24 தான் இருக்கு, 99-ல் விட்டுடறேன். ரெண்டாவது இடம் என்ன? பின் வளையறதுன்னு சொன்னீங்க. 20 மிமீ பின், நீளம் 36-தானே. குட்டிப் பின் எங்க வளையப்போகுது?

கணக்குப்பிள்ளை | 4 மார்ச், 11:02

குட்டிப் பின்தான் வளையும். ஃபோர்க் வாய் எவ்வளவு அகலம்?

பீம்பாலன் | 4 மார்ச், 11:10

டிராயிங்கில் 20. ஆனா ஃபேப்ரிகேட்டர் 26-ல் செஞ்சு அனுப்பியிருக்கார். கண் உள்ளே லேசா ஆடுது.

கணக்குப்பிள்ளை | 4 மார்ச், 11:48

லேசா இல்லை. ரெண்டு பக்கமும் 5 மிமீ கேப். பின்னுக்கு வர்ற வளைவுத் திருப்பம் இப்படி: நடுப் பிளேட் b, காது a, கேப் c.

```
M = F/8 x (b + 4c + 2a)
vaai 20: c=2  ->  16+8+16  = 40  ->  175000 Nmm
vaai 26: c=5  ->  16+20+16 = 52  ->  227500 Nmm
W (20 mm pin) = 785 mm³
```

ஸ்ட்ரெஸ் முதலில் 223, ரெண்டாவதில் 290. அதாவது உங்க பின் ஷியரில் 56-தான், ஆனா வளைவில் ஈல்டையே தாண்டிடுது. ஃபார்முலாவில் கேப் நாலால பெருகுது பாருங்க. பிளேட் தடிமனைவிட கேப்தான் பின்னைக் கெடுக்குது. முதலாளி கேட்ட 16 மிமீ பின்னுக்கு W 402-தான். வாய் 20-லேயே 435 வரும். அந்தப் பேச்சை இதோட விட்டுடுங்க.

இதுக்கு யூரோகோட் அல்டிமேட் கணக்கு போட்டா வாய் 20-ல் 20 மிமீ பின் வளைவுக்கு 89%, ஷியருக்கு 42%. ரெண்டையும் வர்க்கம் எடுத்துக் கூட்டினா 0.97. பாஸ். 26-ல் ஃபெயில். அதனால வாயை 20-க்குக் குறைச்சாலே போதும்னு நான் சொல்வேன்.

லேத்துக்காரர் | 4 மார்ச், 1:30

இதுக்கெல்லாம் எதுக்கு வாயைக் குறைக்கணும்? கேப் 5, ஒவ்வொரு பக்கமும் 4.5 மிமீ வாஷர் போட்டா கேப் போயிடும்.

உத்தரம் | 4 மார்ச், 2:15

வாஷர் போடணும், ஆனா நீங்க சொன்ன காரணத்துக்காக இல்லை. வாஷர் பின்னைத் தாங்காது. கண்ணுக்கும் காதுக்கும் இடையில் சும்மா இருக்கும், லோடு அதே 5 மிமீயைத் தாண்டித்தான் காதுக்குப் போகும். வளைவு குறையாது, 290 அப்படியே நிக்கும்.

வாஷர் செய்யற வேலை வேற: கண்ணை நடுவில் நிறுத்தும். இல்லைன்னா கண் ஒரு காதோட ஒட்டிக்கும். காது மையத்துக்கு காது மையம் 34 மிமீ, கண் 5 மிமீ தள்ளிப்போனா ஒரு காதுக்கு 22/34, அதாவது 65% லோடு. 17.5-க்குப் பதிலா 22.6 கிலோநியூட்டன். அந்தப் பக்க ஷியர் 56-லிருந்து 72-க்கும், காது பேரிங் 109-லிருந்து 141-க்கும் போகும். டபுள் ஷியர்னு ரெண்டால வகுக்கிறோமே, அது கண் நடுவில் நிக்கும்போதுதான் உண்மை.

கணக்குப்பிள்ளைக்கு: 0.97 சரிதான், அந்தக் கணக்குல பின் உடையாது. ஆனா பின் கழட்டி மாட்டுற மாதிரி இருக்கணும்னா அதே கோடுல சர்வீஸ் லோடுக்கு தனி விதி இருக்கே. வளைவு 0.8 ஈல்டுக்குள், இங்க 200. வாய் 20-லயே 223. பின் உடையாது, லேசா வளைஞ்சு காதுல சிக்கிக்கும். அடுத்த தடவை சுத்தியலால் அடிச்சாலும் வராது, கேஸ் கட்டிங்தான்.

கணக்குப்பிள்ளை | 4 மார்ச், 2:40

டை ராடு பின்னை எவ்வளவு அடிக்கடி கழட்டுவாங்க? வருஷத்துக்கு ஒரு தடவைகூட இல்லை. அந்த 0.8 விதியை நான் இங்க கட்டாயம்னு நினைக்கலை.

உத்தரம் | 4 மார்ச், 3:05

கிரேன் டை ராடோட ஓட்டையை உள்ளே பார்க்கணும்னா கழட்டித்தானே ஆகணும். வெளியே தெரியாது, கண் மேல காது மூடியிருக்கு. அமெரிக்காவில் ஓஹையோ ஆத்து மேல இருந்த சில்வர் பிரிட்ஜ் 1967 டிசம்பர் 15-ல் விழுந்தது, 46 பேர் செத்தாங்க. ஐபாரோட கண் ஓட்டை உள்சுவர்ல 2.5 மிமீ ஆழ விரிசல். பிரிக்காம பார்க்க முடியாத இடம். ஒரு இணைப்புக்கு ரெண்டே ஐபார், ஒண்ணு போனதும் எல்லாம் போச்சு. நம்ம கிரேனுக்கு அது ஒப்பீடு இல்லை, அந்த ஸ்டீலே வேற. ஆனா விரிசல் எங்க ஆரம்பிக்கும்ங்கறதுக்கு அது உதாரணம்.

ஹாய்ஸ்ட் ஒவ்வொரு தடவை தூக்கும்போதும் இந்தக் கண்ணுல 75 சராசரியா ஏறி இறங்குது. ஓட்டையோட ரெண்டு பக்க ஓரத்தில், இழுக்கிற திசைக்குக் குறுக்கே, அது மூணு மடங்கு அளவுக்குப் போகும். விரிசல் வந்தா அங்கதான் வரும்.

ஆர்க்_வெல்டர் | 4 மார்ச், 7:50

எங்க பட்டறையில் ஒரு ஃபோர்க்ல பின்னுக்குப் பதிலா 20 மிமீ போல்ட் போட்டு நட்டை இறுக்கிட்டாங்க. வாய் கொஞ்சம் பெருசு. ரெண்டே மாசத்தில் ஃபோர்க் காது வேர்ல வெல்டு பிளந்துச்சு. அதுவும் இதே சிக்கல்தானா?

உத்தரம் | 4 மார்ச், 8:20

இல்லை, அது வேற. நட்டை இறுக்கினதும் காது ரெண்டும் உள்ளே வளைஞ்சு கண்ணைக் கவ்விக்கும். வாய் 20, கண் 16-ன்னா ஒவ்வொரு காதும் 2 மிமீ வளையணும். லோடே இல்லாம வெல்டு வேர்ல ஸ்ட்ரெஸ் ஏறிடுச்சு, மேல லோடு வேற. போல்ட்டைப் பின்னாகப் போடறதுன்னா நட்டைக் கையால தொட்டுட்டு ஸ்பிலிட் பின் போட்டுப் பூட்டணும். மரை காதுக்குள்ள வரக்கூடாது. எம்20 மரை அடியில் 245 சதுர மிமீதான், அதுவும் ஓட்டையை அரம் போல அறுக்கும்.

பீம்பாலன் | 5 மார்ச், 9:40

இஎன்8 போட்டா? பின் 20-லேயே இருக்கும், கண்ணைத் தொட வேண்டாம்.

லேத்துக்காரர் | 5 மார்ச், 10:15

கடையில் கிடைக்கிற இஎன்8 பார் ஹீட் ட்ரீட் பண்ணாததா இருக்கும். ஈல்டு 280 அளவுதான். அதுல 0.8-ஐ எடுத்தா 224, உங்க 223 மேல நூலிழையில் உக்காரும். ஹார்டன் அண்டு டெம்பர் பண்ணி சர்டிஃபிகேட்டோட வந்தா 465 வரும், அப்போ கவலையில்லை. ஆனா ஒரே ஒரு பின்னுக்கு யார் அதைச் செஞ்சு தருவாங்க? நான் 25 மிமீ எம்.எஸ். போடுவேன்.

பீம்பாலன் | 5 மார்ச், 11:00

25 போட்டா வளைவு எப்படி?

கணக்குப்பிள்ளை | 5 மார்ச், 11:25

W 1534 ஆயிடும், கிட்டத்தட்ட ரெட்டிப்பு. வாய் 20-ல் 114, வாய் 26-ல் 148. ரெண்டும் நிக்கும். பின்னுக்கு ஒரு கவலையும் இல்லை.

ஆனா கண்ணைப் பாருங்க. பின்னைப் பெருசாக்கினா அந்த ஓட்டை கண்ணைத் தின்னும். ஓட்டை 25.5, பிளாட் 50 அப்படியே இருந்தா பக்கத்துக்கு 12.25-தான். வேண்டியது 6.6 + 8.5 = 15.1. ஃபெயில். பின்னில் காப்பாத்தினதைக் கண்ணில் இழந்துடுவீங்க. அதனால பிளாட் குறைஞ்சது 56 அகலம், கடையில் கிடைக்கிறது 65. நுனிக்கு 6.6 + 17 = 23.6, ஓட்டை மையத்திலிருந்து 37.

பீம்பாலன் | 5 மார்ச், 11:40

ஓட்டையை ஏன் 25.5 எடுத்தீங்க, 26 போடக்கூடாதா? டிரில் 26 இருக்கு.

கணக்குப்பிள்ளை | 5 மார்ச், 12:20

ஒரு மிமீ வரைக்கும் சிலர் அனுமதிப்பாங்க. ஆனா தொடுமிடத்து ஸ்ட்ரெஸ்ஸைப் பாருங்க. பின்னும் ஓட்டையும் அளவில் விலக விலக தொடுற பட்டை ஒல்லியாகும். உங்க பழைய 20-21 ஜோடிக்கு இது:

```
0.591 x sqrt(E F (d0-d)/(d² t))
= 0.591 x sqrt(210000 x 35000 x 1/(400 x 16)) = 633
limit 2.5 fy = 625
```

தாண்டிடுச்சு. 25-25.5-க்கு 358-தான். 26-ல் கூட 507, கோடுக்குள்ளதான், ஆனா ஒவ்வொரு லிஃப்ட்லயும் டக்குனு ஒரு இடி விழும், ஓட்டை முட்டை வடிவத்துக்கு வரும். 25-ல் டிரில் பண்ணி 25.5-க்கு ரீமர் அல்லது போரிங்.

உத்தரம் | 5 மார்ச், 12:45

இந்த 633-625 சண்டைக்கு நான் வரமாட்டேன். ஒரு சதவீதம். ஓட்டை கேஸ் கட்டர்ல வெட்டியிருந்தா மட்டும் பின்னை மாத்துறதோட நிறுத்தாதீங்க, ஓட்டையையே புதுசா போடுங்க. வெட்டின கோடுகள் விரிசலுக்கு விதை.

பீம்பாலன் | 5 மார்ச், 4:30

தொகுத்துட்டேன்: பின் 25 எம்.எஸ்., பிளாட் 65x16, ஓட்டை 25.5, மையத்திலிருந்து நுனி 37, காதும் அதே, வாய் 20 கண்டிப்பா. ஷியர் 36, பேரிங் 88, கண் டென்ஷன் 55, பின் வளைவு 114. வாயைக் கண்ணுக்குச் சரியா 16.5-ஆக் குறைச்சிடட்டா? வளைவு இன்னும் குறையுமே.

உத்தரம் | 5 மார்ச், 5:10

குறையும், ஆனா வேண்டாம். பின் ஒரே திசையில்தான் சுழல விடும். லோடு பக்கவாட்டில் ஊசலாடினா டை ராடு பக்கவாட்டிலும் கொஞ்சம் சாயும், இறுக்கமான ஃபோர்க்ல அந்தச் சாய்வு கண் வெல்டுக்கு வளைவாகப் போகும். ஒவ்வொரு பக்கமும் 1.5 முதல் 2 மிமீ விடுங்க, மெல்லிய வாஷரால நிரப்புங்க.

ஆர்க்_வெல்டர் | 5 மார்ச், 8:05

பழைய 50 கண்ணைத் தூக்கி எறியணுமா? ஓட்டைக்கு ரெண்டு பக்கமும் 4 மிமீ ரிங் வெல்டு பண்ணினா தடிமன் 24 ஆயிடும், வாய் 26-லயே பொருந்திடும். நுனியும் பலமாகும்.

கணக்குப்பிள்ளை | 5 மார்ச், 8:30

பின் வளைவு 290-லிருந்து 245-க்கு இறங்கும். பிளேட் தடிமன் கூடியதால நுனிக்கும் உதவும். ஸ்டாட்டிக்கா நல்ல யோசனை.

உத்தரம் | 5 மார்ச், 9:00

ஸ்டாட்டிக்கா. ஸ்ட்ரெஸ் மூணு மடங்கு ஏறுற ஓட்டை விளிம்புக்கு ஒட்டி ஒரு வெல்டு வளையத்தைப் போடறீங்க. தினம் நூறு தடவை தூக்குற கிரேன்ல நான் அதைச் செய்யமாட்டேன். 65 பிளாட் என்ன விலை?

ஆர்க்_வெல்டர் | 5 மார்ச், 9:12

ரிங்கோட வெளி விட்டம் 45 வெச்சா வெல்டு ஓட்டை விளிம்பிலிருந்து 12 மிமீ தள்ளித்தானே இருக்கு? அவ்வளவு பயமா?

உத்தரம் | 5 மார்ச், 9:30

50 பிளாட்டில் 45 ரிங். பிளாட் ஓரத்துக்கு 2.5 மிமீ மிச்சம். வெல்டுக்கு எங்க இடம்?

ஆர்க்_வெல்டர் | 5 மார்ச், 9:41

அதுவும் சரி. 40 ரிங்குன்னா?

லேத்துக்காரர் | 6 மார்ச், 7:20

40-ன்னா வெல்டு ஓட்டை விளிம்பிலிருந்து 9.5-ல். உத்தரம் சொல்ற பக்கம் போயிட்டீங்க. தம்பி, 65x16 பிளாட் நம்ம கடையில் துண்டாகவே கிடைக்கும், 400 மிமீ போதும்.